பதினொன்றாம் வீட்டைப் படிக்கப் பழகுவது: வரவு, நட்பு, நினைத்தது நடப்பது

ஜோதிடம் கற்கத் தொடங்கியிருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சில மாதங்களுக்கு முன்பு வாடிய முகத்தோடு வந்தான். கைபேசிச் செயலி ஒன்றில் தன் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். "லாபாதிபதி விரயத்தில். வரவு நிலைக்காது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டதாம். பதினொன்றாம் வீட்டின் அதிபதி பன்னிரண்டாம் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். "அவ்வளவுதானா மாமா?" என்றான்.

அவ்வளவுதான் இல்லை. அந்த வரியில் பொய் கிடையாது, ஆனால் அது பாதி வாசிப்பு. பதினொன்றாம் வீட்டைப் படிக்க இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஒன்று. அந்த வீட்டுக்காரர் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொன்று. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன்.

முதலில் சரியாக எண்ணுங்கள்

லக்னம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதை ஒன்று என்று வைத்து வலப்பக்கமாக எண்ண வேண்டும். இதைவிடச் சுலபமான வழி, பின்னோக்கி எண்ணுவது. லக்னத்துக்கு முந்தைய கட்டம் பன்னிரண்டு, அதற்கும் முந்தையது பதினொன்று. கடக லக்னமென்றால் முந்தைய மிதுனம் பன்னிரண்டு, ரிஷபம் பதினொன்று.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். "உன் ராசி என்ன?" என்று கேட்டே பழகிவிட்டதால், லக்னத்தை விட்டுவிட்டு ராசியிலிருந்து எண்ணிவிடுவார்கள். ராசியிலிருந்து எண்ணும் பதினொன்று கோசாரத்துக்கு, அதாவது கிரகங்கள் இப்போது நகர்ந்துபோகும் இடங்களைப் பார்ப்பதற்கு, உதவும், அதைக் கடைசியில் பார்க்கலாம். ஜாதகத்தின் அடிப்படை லாப ஸ்தானம் லக்னத்திலிருந்து எண்ணுவதுதான்.

அடுத்து, அந்த ராசிக்கு உரியவர் யார் என்று பாருங்கள். அவரே லாபாதிபதி. மேஷ, மீன லக்னங்களுக்குச் சனி. ரிஷப, கும்ப லக்னங்களுக்குக் குரு. மிதுன, மகர லக்னங்களுக்குச் செவ்வாய். கடக, தனுசு லக்னங்களுக்குச் சுக்கிரன். சிம்ம, விருச்சிக லக்னங்களுக்குப் புதன். கன்னிக்குச் சந்திரன், துலாத்துக்குச் சூரியன். மனப்பாடம் செய்ய வேண்டாம், பத்து ஜாதகம் பார்த்தால் தானாக வந்துவிடும்.

பிறந்த நேரத்தில் சந்தேகம் இருந்தால் இந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். லக்னம் ஒரு ராசியின் முதல் பாகையிலோ கடைசிப் பாகையிலோ விழுந்தால், ஐந்து நிமிஷ வித்தியாசம்கூட லாபாதிபதியை மாற்றிவிடும். அப்புறம் நீங்கள் படிப்பது வேறு யாருடைய லாப ஸ்தானமோதான்.

வரவு வேறு, சேமிப்பு வேறு

பணம் சம்பந்தமான வீடுகள் புதியவர்களுக்குக் குழம்பும். நான் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கடையை வைத்துச் சொல்வேன். பத்தாம் வீடு கடை, அதாவது செய்கிற தொழில். பதினொன்றாம் வீடு கல்லாவில் விழுகிற பணம். இரண்டாம் வீடு, இரவு கல்லாவைப் பூட்டி வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு அலமாரியில் தங்குவது. பன்னிரண்டு, வெளியே போவது. பத்திலிருந்து எண்ணினால் பதினொன்று இரண்டாவது வீடாக வருவதைக் கவனியுங்கள். தொழிலின் தன ஸ்தானம் அது.

அதனால்தான் நன்றாகச் சம்பாதித்தும் கையில் ஒன்றும் நிற்காதவர்களின் ஜாதகத்தில் பதினொன்று பலமாகவும் இரண்டு பலவீனமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். பெரிய சம்பளம் இல்லாமலே வீடு வாசல் என்று சேர்த்தவர்களிடம் இது தலைகீழாக இருக்கும். "பணம் வருமா" என்று கேட்கிறவரிடம், வரவைப் பற்றிக் கேட்கிறாரா, தங்குவதைப் பற்றிக் கேட்கிறாரா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சரி, நட்பும் ஆசையும் ஏன் இதே வீட்டுக்குள் வந்தன? மூன்று, ஏழு, பதினொன்று ஆகிய வீடுகளைக் காம திரிகோணம் என்பார்கள். இங்கே காமம் என்றால் விருப்பம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விரும்பி முயற்சி எடுப்பது மூன்று, அதற்காக இன்னொரு ஆளோடு சேர்வது ஏழு, அது கைகூடுவது பதினொன்று. கைகூட வைக்கிறவர்கள் யார்? சொல்லி வைக்கிறவர், அறிமுகம் செய்து வைக்கிறவர், கூட நிற்கிறவர். ஆகவே நண்பர் வட்டமும் அங்கேயே வருகிறது. மூத்த சகோதரமும் இதே வீடுதான். உயிர் நண்பன் என்று ஒருவனைச் சொல்கிறோமே, அவனை நான்காம் வீட்டில் பார்ப்பவர்களும் உண்டு. பதினொன்றில் தெரிவது தோள்மேல் கை போடும் ஒருவனைவிட, நம் தொலைபேசியில் பெயராக இருக்கும் ஐம்பது பேர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வீடு ஓர் உபஜய ஸ்தானமும்கூட. மூன்று, ஆறு, பத்து, பதினொன்று நான்கும் வயது ஏற ஏற வளரும் வீடுகள். இருபத்திரண்டு வயதுக்காரரின் பதினொன்றாம் வீட்டை அவருடைய இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டு "பலிக்கவில்லையே" என்று சொல்வது அவசரம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

பதினொன்றில் எந்தக் கிரகம் இருந்தாலும் ஏதாவது கொடுக்கும் என்பது மரபு. பாபக் கிரகங்கள் என்று நாம் பயப்படுகிற சூரியன், செவ்வாய், சனி, ராகு எல்லாரும் இங்கே வரவுக்கு நல்லவர்கள். சனி தாமதமாக, ஆனால் நிலையாகக் கொடுப்பார். ராகு சட்டென்று பெரிதாகக் கொடுப்பார், கொடுத்த வழி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஆனால் அதே சனியோ செவ்வாயோ மூத்த சகோதரத்தோடு உரசலையும் சேர்த்தே தரலாம். வீடு ஒன்றுதான், அதிலிருக்கும் விஷயங்கள் பல. ஒரே கிரகம் ஒன்றுக்கு நன்மையும் இன்னொன்றுக்கு இடைஞ்சலும் செய்வதில் முரண்பாடு இல்லை.

நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் இங்கிருந்தே எடுக்கலாம். சூரியன் இருந்தால் தன்னைவிட வயதிலோ பதவியிலோ உயர்ந்தவர்கள். புதன் இருந்தால் படித்த, பேச்சுக்காரக் கூட்டம், வணிகர்கள். சனி இருந்தால் வயதானவர்கள், உழைப்பாளிகள், எண்ணிக்கையில் குறைவு.

வீடு காலியாக இருந்தால்? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒன்பது கிரகங்கள், பன்னிரண்டு வீடுகள். சில வீடுகள் காலியாகத்தான் இருக்கும். அப்போது அந்த வீட்டைப் பார்க்கிற கிரகத்தையும் அதிபதியையும் வைத்துப் படிக்க வேண்டும். எல்லாக் கிரகத்துக்கும் ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்குக் கூடுதலாக நான்கும் எட்டும், குருவுக்கு ஐந்தும் ஒன்பதும், சனிக்கு மூன்றும் பத்தும். பதினொன்றைக் குரு பார்த்தால் வேறு பல குறைகளை மன்னித்துவிடலாம்.

வீட்டுக்காரர் எங்கே போனார்

இந்த வீட்டில் உட்காரும் கிரகம் நல்லது செய்கிறது என்பதால், இந்த வீட்டின் அதிபதியும் நல்லவர் என்று ஆகிவிடாது. பராசர மரபில் மூன்று, ஆறு, பதினொன்று அதிபதிகளை நல்லவர் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆசை வீட்டின் சொந்தக்காரர் தான் தொட்ட இடத்திலெல்லாம் ஆசையைத் தூண்டிவிடுவார். கொடுப்பார், கூடவே "இன்னும் வேண்டும்" என்பதையும் கொடுப்பார்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடம், வரவு எந்த வாசல் வழியாக வருகிறது என்று சொல்லும். லக்னத்தில் இருந்தால் சொந்த முயற்சி. இரண்டில் இருந்தால் வருவது தங்கும். நான்கில் இருந்தால் நிலம், வீடு, வாகனம், தாய்வழி. ஏழில் இருந்தால் கூட்டாளி அல்லது வாழ்க்கைத்துணை மூலம். பத்தில் இருந்தால் தொழிலே வருமானம், வேறு வழி தேட வேண்டியதில்லை. ஐந்து, ஒன்பது திரிகோணங்களில் இருந்தால் முன்னோர் சேர்த்ததும் அதிர்ஷ்டமும் கை கொடுக்கும்.

ஆறு, எட்டு, பன்னிரண்டில் இருந்தால்தான் செயலிகள் பயமுறுத்துகின்றன. உண்மையில் அங்கேயும் வாசல் இருக்கிறது. ஆறு என்றால் வேலைக்காரர்கள், கடன் கொடுக்கல் வாங்கல், வழக்கு, மருத்துவம். ஆறு வலுத்த எத்தனையோ வக்கீல்களும் மருத்துவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள். எட்டு என்றால் காப்பீடு, உயில், மறைவான பணம், அடுத்தவர் பணத்தைக் கையாளும் வேலை. பன்னிரண்டு என்றால் வெளியூர், வெளிநாடு, தங்கும் விடுதி, மருத்துவமனை. இந்த மூன்றிலும் வரவுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.

இடத்தைப் பார்த்த பிறகு பலத்தைப் பாருங்கள். ஆட்சியா, உச்சமா, நீசமா, சூரியனுக்கு மிக அருகில் போய் அஸ்தங்கம் ஆகிவிட்டதா, யாரோடு சேர்ந்திருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பது வரை போதும். நவாம்சமெல்லாம் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர லக்னக்காரர்களுக்கு ஒரு கூடுதல் படி

மேஷம், கடகம், துலாம், மகரம் நான்கும் சர லக்னங்கள். இந்த லக்னங்களுக்குப் பதினொன்றாம் வீடே பாதக ஸ்தானம், லாபாதிபதியே பாதகாதிபதி. (ஸ்திர லக்னங்களுக்கு ஒன்பதும், உபய லக்னங்களுக்கு ஏழும் பாதகம்.) நம் ஊர் ஜோதிடர்கள் இதை மிகவும் கவனிப்பார்கள். கொடுக்கிற கையே தடுக்கவும் செய்யும் என்பது இதன் பொருள்.

வாழ்க்கையில் இது எப்படித் தெரியும்? நண்பர் ஒருவர் மூலம் வேலை கிடைக்கும், பிறகு அதே நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். பதவி உயர்வு வரும், அதனாலேயே கட்டிக்கொண்டிருந்த வீட்டுவேலை பாதியில் நிற்கும். பாதகாதிபதி என்றதும் ஜாதகத்தையே மூடிவைக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டது கிடைக்கும்போது எது பக்கத்தில் இடிபடுகிறது என்று பார்க்கப் பழகினால் போதும். அந்தக் கிரகத்துக்கு இன்னொரு வீடும் சொந்தமாக இருந்தால், பெரும்பாலும் அந்த வீட்டு விஷயம்தான் இடிபடும்.

ஒரு ஜாதகத்தை முழுதாகப் பார்ப்போம்

அந்தப் பையனின் ஜாதகத்தை இங்கே போட மாட்டேன். அதே அமைப்பு வருகிற மாதிரி, 2005 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குச் சென்னையில் தெரிந்த வானத்தைப் பயிற்சிக்காக எடுத்திருக்கிறேன். யாருடைய கதையும் இல்லை, வெறும் கட்டம்தான்.

கடக லக்னம், லக்னத்தில் சனி. குருவும் கேதுவும் மூன்றில், கன்னியில். ராகு ஒன்பதில், மீனத்தில். சந்திரன் பத்தில், மேஷத்தில், பரணி நட்சத்திரம். சூரியனும் புதனும் பதினொன்றில், ரிஷபத்தில். சுக்கிரன் பன்னிரண்டில், மிதுனத்தில். செவ்வாய் கும்பத்தை விட்டு மீனத்துக்குள் நுழையும் விளிம்பில் நிற்கிறார். விளிம்பில் நிற்கும் கிரகத்தை வைத்துப் பார்வைக் கணக்குப் போடுவது ஆபத்து, ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று வைக்கும் அயனாம்சக் கணக்கு சற்று மாறினாலே அவர் வேறு ராசிக்குப் போய்விடுவார். ஆகவே செவ்வாயை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

முதல் கேள்வி, வீடு. பதினொன்றில் சூரியன் இருக்கிறார். கடக லக்னத்துக்குச் சூரியன் இரண்டாம் அதிபதி. சேமிப்பின் சொந்தக்காரர் வரவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று இதை வாசிக்கலாம். அரசு, நிர்வாகம், மேலிடத்து மனிதர்கள் தொடர்பான வரவுக்கும் சூரியன் இடம் கொடுக்கிறார். அடுத்து, கன்னியிலிருந்து எண்ணினால் ரிஷபம் ஒன்பதாவது. அதாவது குருவின் ஒன்பதாம் பார்வை பதினொன்றில் விழுகிறது. அவர் இந்த லக்னத்துக்கு ஒன்பதாம் அதிபதி, பாக்கியாதிபதி. ஆறாம் வீடும் அவருடையதே என்பதால் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பது, கடன் வாங்கி ஒன்றைத் தொடங்குவது இரண்டும் இந்தப் பார்வைக்குள் வரும். வீட்டைப் பொறுத்தவரை இது நல்ல ஜாதகம். செயலியின் அந்த ஒற்றை வரியில் இதில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது கேள்வி, வீட்டுக்காரர். சுக்கிரன் பன்னிரண்டில். பன்னிரண்டாம் வீட்டுக்காரரான புதனோ பதினொன்றில். ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியிருக்கிறார்கள். இதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். ஆறு, எட்டு, பன்னிரண்டாம் அதிபதிகள் கலந்துகொள்ளும் பரிவர்த்தனையைத் தைன்ய பரிவர்த்தனை என்று தனியாகப் பிரித்து, கஷ்டமான வகையில் சேர்ப்பார்கள். இங்கே வரவும் செலவும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. பணம் வரும் வழியும் போகும் வழியும் ஒன்றே என்று நான் வாசிப்பேன். வெளியூருக்குப் போனால்தான் வரும், போனதற்கு வாடகை, பயணம் என்று ஒரு பகுதி திரும்பிப் போகும்.

புதன் சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் அஸ்தங்கம். சிலர் இதையும் குறையாக எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செலவு வீட்டுக்காரரின் பலம் சற்றுக் குறைவது வரவுக்கு நல்லதுதானே. ஆனால் புதன் மூன்றாம் அதிபதியும்கூட. ஆகவே தானாக முன்வந்து கேட்பது, பேரம் பேசுவது, விண்ணப்பம் போடுவது போன்ற முயற்சிகளில் தயக்கம் இருக்கலாம். குரு மூன்றில் இருப்பது அதைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. கேது கூட இருப்பதால் முழுதாக அல்ல.

அடுத்து பாதகம். கடகம் சர லக்னம், சுக்கிரன் பாதகாதிபதி. அவருக்கு இன்னொரு வீடு துலாம், அது நான்காம் வீடு. ஆகவே வெளியூர் வருமானம் சூடு பிடிக்கும்போது சொந்த வீடு, வாகனம், அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது, இவற்றில் ஒன்று தள்ளிப்போகும். நான்கிலிருந்து எண்ணினால் பதினொன்று எட்டாவது வீடாக வருவதும் இதையே சொல்கிறது. இந்த இடத்தில் தாயின் ஆயுளைப் பற்றிப் பேசத் தொடங்குகிற ஆட்கள் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு வீட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது, சொல்லிவிட்டுத் திரும்பப் பெறவும் முடியாது.

நண்பர்கள் எப்படி? பதினொன்றில் சூரியனும் புதனும் என்பதால் மேல்நிலையில் இருக்கிற, படித்த, பேசத் தெரிந்த வட்டம். அதிபதி பன்னிரண்டில் என்பதால் பயன்படும் நண்பர்கள் பிறந்த ஊரில் அதிகம் இருக்க மாட்டார்கள். விடுதி அறைத் தோழன், வெளிநாட்டில் பழக்கமானவர் என்று தூரத்தில் இருப்பார்கள். நட்புக்காகச் செலவு செய்கிற கையும் இது. சுக்கிரன் பன்னிரண்டில் இருப்பது சொந்தச் சுகத்துக்கு மோசமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆள் கஷ்டப்பட்டுச் செலவழிப்பவர் இல்லை, ரசித்துச் செலவழிப்பவர்.

இப்போது செயலி சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வரவு நிலைக்காது" என்பது, "தூரத்தில் வரவு உண்டு, சேமிப்புக்கு வழியும் உண்டு, சொந்த ஊரில் வீடு கட்டுவது தாமதம்" என்று மாறிவிட்டது.

எப்போது என்ற கேள்வி

அமைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதற்குரிய தசாபுக்தி வர வேண்டும். ஒவ்வொரு கிரகமும் முறைவைத்து ஆளும் பெரிய காலம் தசை, அதற்குள் வரும் சிறு காலம் புக்தி. லாபாதிபதி, பதினொன்றில் இருக்கிற கிரகம், பதினொன்றைப் பார்க்கிற கிரகம் ஆகியவற்றின் காலங்களே வரவுக் காலங்கள்.

நம் பயிற்சி ஜாதகத்தில் பரணி என்பதால் பிறக்கும்போதே சுக்கிர தசை. இருபது வருஷத்தில் ஏறத்தாழ பதினான்கு வருஷம் இருப்பு. லாபாதிபதியின் தசை முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே கழிந்துவிட்டது! பிறகு ஆறு வருஷம் சூரிய தசை, பதினொன்றில் இருப்பவருடையது. அதுவும் இருபது வயதோடு முடிந்தது. இப்படி இருக்கும்போது "யோக தசை வீணாகிவிட்டது" என்று புலம்புவார்கள். சிறு வயதில் வரும் தசையின் பலனைப் பெற்றோரிடம் தேட வேண்டும் என்பது வழக்கம். குழந்தைக்கு வருமானம் ஏது? அந்த வருஷங்களில் அப்பாவுக்கு வெளியூர் மாற்றமோ வெளிநாட்டு வேலையோ வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் சுக்கிரனைப் பற்றிய உங்கள் வாசிப்பு சரியான பாதையில் இருக்கிறது.

இருபது வயதிலிருந்து முப்பதுவரை சந்திர தசை. சந்திரன் லக்னாதிபதி, தொழில் வீட்டில் இருக்கிறார். அதற்குள் வரும் புக்திகளில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுப்போம். குரு புக்தி ஏறத்தாழ 23 வயதிலிருந்து 24-ஐக் கொஞ்சம் தாண்டும்வரை. பதினொன்றைப் பார்க்கும் குரு, ஆறாம் அதிபதியும் அவரே என்பதால் முதல் நிலையான வேலைக்கு இது பொருத்தமான காலம். புதன் புக்தி ஏறத்தாழ 26 வயதிலிருந்து 27-ஐத் தாண்டும்வரை. பரிவர்த்தனையின் ஒரு பாதி இங்கே தொடங்குகிறது, வெளியூர் முயற்சிகளும் செலவும் சேர்ந்து வரும். சுக்கிர புக்தி ஏறத்தாழ 28 வயதிலிருந்து 29½ வரை. சிறு வயதில் பெற்றோருக்குப் போனது இப்போது ஜாதகருக்கே வரும் காலம் இது.

இந்த மூன்றாவது காலத்தில்தான் கோசாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது 2033, 2034 வாக்கில் வருகிறது. 2033-ல் குரு பெரும்பாலும் கும்பத்தில் இருப்பார். மேஷ ராசியிலிருந்து கும்பம் பதினொன்றாம் இடம். (கோசாரத்துக்கு ராசியிலிருந்து எண்ண வேண்டும் என்று முன்பே சொன்னேன்.) அதே சமயத்தில் சனி மிதுனத்தில் போவார். ராசிக்கு மூன்றாம் இடம், நல்லது. லக்னத்துக்குப் பன்னிரண்டாம் இடம், ஜாதகத்தில் சுக்கிரன் இருக்கும் இடம். தூரத்து வரவும் அதற்கான உழைப்பும் ஒன்றாக வருகின்றன என்று இதைச் சேர்த்து வாசிக்கலாம். புக்தி சொல்வதையே கோசாரமும் சொன்னால் நம்பிக்கையோடு எழுதுங்கள். கோசாரம் மட்டும் தனியாகச் சொன்னால் சற்று அடக்கி எழுதுங்கள்.

கோசாரத்தில் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்கு வந்தார். வாக்கியப்படி அது 2026 மார்ச்சில்தான். ரிஷப ராசிக்காரருக்கு மீனம் பதினொன்றாம் இடம். பதினொன்றில் சனி வந்துவிட்டார், இனி நல்ல காலம் என்று ஒரு ஜோதிடரும், இன்னும் ஒரு வருஷம் பொறு என்று இன்னொருவரும் அவரிடம் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஜாதகம் எந்தக் கணிதப்படி எழுதப்பட்டதோ, கோசாரத்தையும் அதே கணிதத்தில் பாருங்கள். இரண்டையும் கலந்தால் வேண்டிய பதிலை எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும்.

குறிப்பிட்ட ஆசை ஒன்று நிறைவேறுமா என்றால்

பொதுவான வரவு ஒரு கேள்வி. "இந்த வேலை கிடைக்குமா", "இந்தக் கல்யாணம் நடக்குமா" என்பது வேறு கேள்வி. இதற்குப் பதினொன்றை மட்டும் பார்த்தால் பதில் வராது. ஆசைக்குரிய வீட்டையும் பதினொன்றையும் இணைக்கிற கிரகம் ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். கல்யாணமென்றால் ஏழும் பதினொன்றும், வேலையென்றால் ஆறும் பத்தும் பதினொன்றும். கிருஷ்ணமூர்த்தி முறையில், அதாவது கே.பி. முறையில், இந்த வீட்டுத் தொகுப்புகளே அடிப்படை. கல்யாணத்துக்கு 2, 7, 11 என்றும் வேலைக்கு 2, 6, 10, 11 என்றும் எடுப்பார்கள். இரண்டு தொகுப்பிலும் பதினொன்று இருப்பதைக் கவனியுங்கள். அந்த முறையை முழுதாகக் கற்காவிட்டாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஜாதகத்தில் வேலைக்கு இப்படித் தேடினால் குரு கிடைக்கிறார், ஆறாம் வீட்டின் அதிபதியாக இருந்து பதினொன்றைப் பார்க்கிறார். சொந்த வீட்டுக்குத் தேடினால் நான்குக்கும் பதினொன்றுக்கும் ஒரே அதிபதி, சுக்கிரன். இணைப்பு வலுவாகவே இருக்கிறது. ஆனால் அவர் பாதகாதிபதி, பன்னிரண்டில் இருக்கிறார். ஆகவே வீடு கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். பிறந்த ஊரை விட்டு வேறெங்கோ வாங்குவது முதலில் நடக்கும் என்று சொல்வேன்.

எழுதியதைச் சரிபார்ப்பது

நான் பழகிய வழி ஒன்று இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன், நடந்து முடிந்த மூன்று தேதிகளைக் கேட்டு வாங்குவேன். முதல் சம்பளம் கையில் வந்த மாதம், எதிர்பாராமல் பெரிய தொகை வந்தது அல்லது போனது, ஒரு முக்கியமான நட்பு தொடங்கியது அல்லது முறிந்தது. அந்த மாதங்களில் ஓடிய தசாபுக்திநாதர்களுக்கும் பதினொன்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றில் இரண்டு பொருந்தினால் மேலே போகலாம். ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் முதலில் என் வாசிப்பைச் சந்தேகிப்பேன், அடுத்துப் பிறந்த நேரத்தை.

ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் மதிப்பெண் போன்ற சர்வாஷ்டக வர்க்கப் பரல்களும் ஒரு குறுக்குச் சோதனை. மொத்தப் பரல் 337, பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கிட்டால் சராசரி 28. பதினொன்றில் பத்தைவிட அதிகமாகவும், பன்னிரண்டில் பதினொன்றைவிடக் குறைவாகவும் பரல்கள் இருந்தால், உழைப்பைவிட வரவும் செலவைவிட வரவும் அதிகம் என்பது பழைய கணக்கு. கட்டம் போடும் மென்பொருள் எதிலும் இந்த எண்கள் கிடைக்கும். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதினொன்றாம் வீடு தொகையைச் சொல்லாது. எத்தனை லட்சம் என்று கேட்பவருக்குக் கட்டத்தில் பதில் இல்லை. ஒருவருக்குப் பெரிய வரவாகத் தெரிவது இன்னொருவருக்கு மாதச் செலவு. எந்த வழியில், எந்த வயதில், எதை இடித்துக்கொண்டு வரும் என்பது வரைதான் மரபு சொல்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பங்கில் பணம் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் ஜாதகத்தை மடித்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பையன் இப்போது தன் கட்டத்தை வெள்ளைத்தாளில் கையால் வரைந்து வைத்திருக்கிறான். அப்பாவிடம் பழைய தேதிகளைக் கேட்டிருக்கிறானாம். தனக்கு எட்டு வயதானபோது அவர் மஸ்கட்டுக்குப் போனதை அவரே மறந்திருந்தாராம்.